பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்கள்

தொழிற்சங்கங்கள் தேய்ந்துவிட்டன என்று சொல்லும்போது பெரும்பாலோர் மனதில் வரும் காட்சி ஒன்றுதான். தொழிலாளிக்குச் சங்கத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது, இளைஞர்களுக்கு அக்கறை இல்லை, சந்தா கட்ட ஆளில்லை. தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஊதிய ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்வது, பழைய ஒப்பந்தங்களைத் தேடி எடுத்துக் கொடுப்பது, லேபர் ஆபீஸுக்குக் கோப்பு தூக்கிக்கொண்டு போவது. அந்தக் கோப்புகளைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது வேறு கதை. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நான் பார்த்த ஆலைகளில் சங்கத்தை விட்டு விலகிப் போனவர்கள் மிகக் குறைவு. சங்கத்தில் சேரக்கூடிய நிலையில் வேலைக்கு எடுக்கப்படுபவர்கள்தான் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இந்த வித்தியாசம் முக்கியமானது, ஏனென்றால் உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தியாவில் வீழ்ச்சியே இல்லை என்று கூடச் சொல்லிவிடலாம். மத்தியத் தொழிற்சங்கங்களின் உறுப்பினர்களை அரசு சரிபார்த்தபோது 1989-ல் ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் இருந்தார்கள். 2002-ஐ அடிப்படையாக வைத்துச் செய்த சரிபார்ப்பில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. கூடியதில் பெரும்பங்கு விவசாயத் தொழிலாளர்கள், அமைப்புசாராத் தொழிலாளர்கள். அவர்கள் சங்கத்தில் சேர்ந்தது நல்லதுதான். ஆனால் முதலாளி யார் என்று கைகாட்ட முடியாதவர்கள் அவர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எதிரே உட்கார்ந்து ஊதியம் பேச அவர்களுக்கு யாருமில்லை. ஊதிய ஏற்றத்தாழ்வைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய கணக்கு, எத்தனை பேர் சங்கத்தில் இருக்கிறார்கள் என்பதை விட, எத்தனை பேருடைய சம்பளம் பேச்சுவார்த்தை மேசையில் தீர்மானமாகிறது என்பதுதான்.

அந்தக் கணக்கு இப்படிப் போகிறது. தொழிற்சாலைகளுக்கான ஆண்டு ஆய்வை அரசு ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிறது. அதன்படி 2000 வாக்கில் ஆலைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர். 2022-23-ல் அது 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஐந்தில் இருவர். பயிற்சி பெறுபவர் என்ற பெயரில் உற்பத்தி லைனில் நிற்பவர்கள் இதற்கு வெளியே.

ஊதிய ஒப்பந்தம் என்றால் என்ன, அது எப்படிச் சம்பள வித்தியாசத்தைக் குறைக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆலைக்கு வெளியே இருப்பவர்கள் பலர் அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். சங்கம் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கும். நிர்வாகம் எதிர்க்கோரிக்கை வைக்கும். பேச்சு முடங்கினால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் போகும். அங்கே கையெழுத்தாகும் ஒப்பந்தத்துக்கு 12(3) ஒப்பந்தம் என்று பெயர். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு அது. அதிகாரி இல்லாமல் இரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது 18(1). முன்னது அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும், சங்கத்தில் இல்லாதவரையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும் சேர்த்து. பின்னது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்.

இந்த ஒப்பந்தங்களில் ஊதிய உயர்வு பெரும்பாலும் சதவீதத்தில் இருக்காது, ரூபாயில் இருக்கும். மூன்று வருடத்துக்கு மொத்தம் இத்தனை ஆயிரம். முதல் வருடம் பாதி, மீதி அடுத்த இரண்டு வருடங்களில். சர்வீஸ் அதிகமுள்ளவருக்குக் கொஞ்சம் கூடுதல். அடிப்படை எல்லாருக்கும் ஒரே தொகை. ரூபாயில் இருப்பதற்குக் காரணம் எளிது. சங்கப் பொதுக்குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு, அங்கே குறைந்த சம்பளக்காரர்கள்தான் அதிகம். இருபதாயிரம் வாங்கும் ஒருவரையும் நாற்பதாயிரம் வாங்கும் ஒருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 9,000 ஏறினால் 29,000, 49,000 ஆகும். முன்பு இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் 1.7 மடங்குக்கு வந்துவிடும். நிர்வாகம் விரும்புவதுபோல 30 சதவீதம் ஏற்றியிருந்தால் 26,000, 52,000. கம்பெனிக்கு ஆகும் செலவு அதே 18,000 ரூபாய்தான், ஆனால் வித்தியாசம் அதே இரண்டு மடங்கில் நிற்கும். மேலதிகாரி போடும் மதிப்பெண்ணை வைத்து உயர்வு கொடுக்கும் முறையில் அது இன்னும் விரியும். பஞ்சப்படியிலும் இதே கதை. விலைவாசிக் குறியீடு ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்று எல்லாருக்கும் ஒரே அளவாக வைத்திருக்கும் இடங்களில், விலைவாசி ஏற ஏற கீழே இருப்பவரின் சம்பளம் மேலே இருப்பவரின் சம்பளத்தை நோக்கி நகரும்.

சங்கம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது என்று பொருளியல்காரர்கள் சொல்வதன் அர்த்தம், கீழ்மட்டத்தில் பார்த்தால், இவ்வளவுதான். அப்புறம் இந்த ஏற்பாட்டிலிருந்து ஒருவரை வெளியே வைக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடுகிறது. சங்கத்தை உடைக்க வேண்டியதில்லை. அவரை அந்த ஆலையின் தொழிலாளி இல்லை என்று ஆக்கிவிட்டால் போதும்.

அதற்கு வழிகள் பல. முதலாவது கான்ட்ராக்டர். லைனில் அதே போல்ட்டை முடுக்குபவர் காகிதத்தில் வேறொருவரின் வேலையாள். கம்பெனி அவருக்கு, சட்டத்தின் சொல்லில், முதன்மை வேலையளிப்பவர் மட்டுமே, அதாவது கான்ட்ராக்டருக்கு வேலையைக் கொடுத்த இடம். கம்பெனியும் அதன் சங்கமும் போடும் ஒப்பந்தம் அவரைத் தொடாது. கான்ட்ராக்ட் முறையை ஒரு வேலையில் தடைசெய்ய 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அப்படித் தடை செய்தாலும் அந்தத் தொழிலாளர்கள் தாமாகவே கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று செயில் என்ற பொதுத்துறை எஃகு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-ல் தீர்ப்பளித்தது. அதற்குச் சில வருடங்களுக்கு முன் அதே நீதிமன்றம் ஏர் இந்தியா வழக்கில் நேரெதிராகச் சொல்லியிருந்தது. 2001-க்குப் பிறகு, தடை கேட்டுப் போராடினால் உள்ள வேலையும் போய்விடலாம் என்ற நிலை. எங்கள் அலுவலகத்துக்கு வந்த எத்தனையோ கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டதும் வழக்கே வேண்டாம் என்று எழுந்து போயிருக்கிறார்கள்.

இரண்டாவது, பயிற்சி. தொழில் பழகுநர் சட்டம் 1961-ன்படி அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. அவர் வாங்குவது உதவித்தொகை, சம்பளம் இல்லை. 2013-ல் வந்த நீம் என்ற வேலைத்திறன் பயிற்சித் திட்டத்தின் கீழும் ஆயிரக்கணக்கான டிப்ளமோ, ஐ.டி.ஐ. பையன்கள் பயிற்சி என்ற பெயரில் ஷிப்ட் பார்த்தார்கள். அந்தத் திட்டம் இப்போது இல்லை, வேறு பெயர்களில் அதே மாதிரி ஏற்பாடுகள் இருக்கின்றன.

மூன்றாவது, நாள் கணக்கு. இதில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எங்கள் அலுவலகத்தில் நிறையப் பயன்படுத்தியிருக்கிறோம், ஜெயித்தும் இருக்கிறோம். ஆனால் ஜெயிக்க 480 நாளை நிரூபிக்க வேண்டும். வருகைப் பதிவேடு ஒரு ஏஜென்சி பெயரில் பாதி, இன்னொரு ஏஜென்சி பெயரில் மீதி. ஆள் அதே, மெஷின் அதே, அடையாள அட்டையின் கயிறு மட்டும் நிறம் மாறியிருக்கும்.

திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த ஒரு தம்பி அப்படி மூன்று கயிறுகளைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரே ஆலையில், வாகன உதிரி பாகம் செய்யும் ஒரே லைனில், மூன்று ஏஜென்சிகள். சம்பளச் சீட்டும் வைத்திருந்தார். பிடித்தம் போகக் கையில் வருவது பதிமூன்றாயிரத்துச் சொச்சம், அதில் ரூம் வாடகையும் மெஸ்ஸும் தனி. பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டேன். “நாப்பதுக்கு மேல இருக்கும் சார். அண்ணன்மாருங்க நல்லவங்கதான், டீ வாங்கித் தருவாங்க. ஆனா கேட் மீட்டிங் நடந்தா எங்கள நிக்க வேணாம்னு சொல்லிடுவாங்க. எங்களுக்குத்தான் வேலை போயிடும்னு.” அவர்கள் சொன்னது தவறில்லை. மறுநாள் கேட்டில் பஞ்ச் வேலை செய்யாமல் போனால் கேட்க அவருக்கு எந்த வழியும் இல்லை.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எளிமைக்காக வைத்துக்கொண்டவை, ஆனால் நான் பார்த்த கோப்புகளிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஓர் ஆலையில் ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு 40,000, மற்றவர்களுக்கு 15,000. சங்கம் மூன்று வருடத்துக்கு 12,000 ரூபாய் உயர்வு வாங்குகிறது. மற்றவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் ஏறும் பஞ்சப்படியால் அதே காலத்தில் 2,000 கூடுகிறது. ஆயிரம் பேரில் 800 பேர் நிரந்தரம் என்றால், ஆலை முழுவதுக்கும் சராசரி உயர்வு 10,000. அதே ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 300 பேராகக் குறைந்த பிறகு, அதே 12,000 ரூபாய் ஒப்பந்தம் போட்டால், சராசரி உயர்வு 5,000. செய்தித்தாளில் வரும் தலைப்பு மாறவில்லை, “ஊதிய ஒப்பந்தம் கையெழுத்து, 12,000 ரூபாய் உயர்வு.” தொழிலாளர்களுக்கு உயர்வாகப் போகும் பணம் பாதியாகிவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவே 25,000 ரூபாயாக இருந்த இடைவெளி 35,000 ஆகிவிட்டது.

கவனியுங்கள், இங்கே சங்கம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. யாரும் விலைபோகவில்லை. ஆனால் எல்லாரையும் உள்ளடக்கிய சங்கம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் அதே கருவி, முப்பது சதவீதம் பேரை மட்டும் உள்ளடக்கும்போது ஆலைக்குள்ளேயே ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறது. சங்கங்களை விமர்சிப்பவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, சங்கம் என்பதே சலுகை பெற்ற சிலருக்கானது என்கிறார்கள். சங்கம் இல்லாமல் போனால் அந்த இடைவெளி குறையும் என்று நினைப்பது தப்பு. நாற்பதாயிரம் கீழே வருமே தவிர பதினைந்தாயிரம் மேலே போகாது.

அது கீழே வருவதும் தொடங்கிவிட்டது. முந்நூறு பேர் வேலைநிறுத்தம் செய்தால், எழுநூறு பேரை வைத்து லைனைக் குறைந்த வேகத்திலாவது ஓட்டலாம். பேச்சுவார்த்தையில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியும். நான் கடைசியாகத் தட்டச்சு செய்த சில ஒப்பந்தங்களில் உற்பத்தி உயர்வுக்கான ஷரத்துகள் இரண்டு மூன்று பக்கம் நீண்டிருந்தன. ஊதிய உயர்வுக்கான பக்கம் அப்படியேதான் இருந்தது. புதிதாக நிரந்தரமாகிறவர்களுக்குத் தனியான, குறைந்த ஊதிய விகிதம் என்பதும் சிலவற்றில் வந்துவிட்டது. நாட்டு அளவில் பார்த்தால், ஆலைகளின் நிகர மதிப்புக் கூட்டலில், அதாவது மூலப்பொருள் முதலிய செலவுகளும் தேய்மானமும் போக அவை உண்டாக்கும் மதிப்பில், தொழிலாளர் கூலியின் பங்கு 1980-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்தது. 2000-களின் இறுதியில் 10 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. பின்னர் கொஞ்சம் மீண்டது, பழைய இடத்துக்கு அருகில் கூடப் போகவில்லை. இதற்கு முழுக் காரணம் சங்கங்களின் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். இயந்திரங்கள் பெருகின, தொழில்களின் கலவை மாறியது. ஆனால் இயந்திரத்தால் கூடிய உற்பத்தியில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பேசித் தீர்க்கும் இடம் சுருங்கிப்போனதும் இதே காலத்தில்தான்.

சங்கம் இல்லாதவர்களின் சம்பளத்தையும் சங்கம் பாதிக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் அமெரிக்காவில் இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஆள்வாரியாகப் பல வருடப் புள்ளிவிவரம் உண்டு. புரூஸ் வெஸ்டர்ன், ஜேக் ரோசன்ஃபெல்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1973 முதல் 2007 வரை அங்கே தனியார் துறையில் ஆண் தொழிலாளர்களிடையே சங்க உறுப்பினர் விகிதம் 34 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகச் சரிந்தது. அதே காலத்தில் மணிக்கூலி ஏற்றத்தாழ்வு 40 சதவீதத்துக்கு மேல் கூடியது. அந்தக் கூடுதலில் பெண்களிடையே ஐந்தில் ஒரு பங்கு, ஆண்களிடையே மூன்றில் ஒரு பங்கு சங்கங்களின் வீழ்ச்சியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சங்கம் வலுவாக இருக்கும் பகுதியில் சங்கம் இல்லாத முதலாளியும், தன் ஆலைக்கும் சங்கம் வந்துவிடக் கூடாது என்று கூலியை உயர்த்தி வைத்திருப்பார். நியாயமான கூலி இவ்வளவு என்று ஊருக்குள் ஒரு அளவுகோலும் இருக்கும். சங்கம் போனதும் இரண்டும் போய்விடுகின்றன.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த என் சித்தப்பா இதை வேறு விதமாகச் சொல்வார். அவர் இருந்தது இருபது பேர் வேலை செய்யும் சின்ன லேத் பட்டறை, சங்கமெல்லாம் கிடையாது. ஆனால் பக்கத்துப் பெரிய கம்பெனியில் போனஸ் ஒப்பந்தம் முடிந்த மறுவாரம் அவருடைய முதலாளியும் போனஸ் பேச்சை எடுத்துவிடுவாராம். “பெரிய கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்னு எங்க மொதலாளி எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருப்பாரு.” இன்று அந்தப் பெரிய கம்பெனியிலேயே பாதிப் பேர் கான்ட்ராக்டர் ஆட்கள், பட்டறை முதலாளி இப்போது விசாரிப்பது அந்தக் கான்ட்ராக்டர் தரும் கூலியை.

சங்கமே இல்லாத இடத்தில் குறைகள் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மின்னணு ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண்களுக்கு விடுதிச் சாப்பாட்டால் உடம்புக்கு முடியாமல் போனது. யாரிடம் சொல்வது? வேலைக்கு எடுத்தது ஏஜென்சி, விடுதி நடத்துவது வேறொருவர், உற்பத்தி இன்னொருவருக்கு. அவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு முன் சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால் ஒரு மனுவில் முடிந்திருக்கும்.

சங்கம் வைக்க முனைந்தாலும் சுலபமில்லை. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மையான கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிப்பது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையைத் தந்ததே தவிர, பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியாக வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் 1971-லேயே அதற்குத் தனிச்சட்டம் வந்தது. 1918-ல் பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கிய மாநிலத்தில் அப்படி ஒன்று வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அங்கீகாரத்தைச் சட்டமாக்கியிருக்கிறது. ஆலையின் பெயர்ப் பதிவேட்டில் இருக்கும் தொழிலாளர்களில் 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ, அதுவே பேச்சுவார்த்தைக்கான சங்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாருடைய பெயர்ப் பதிவேடு? நம் கணக்கில் உள்ள ஆலையில் 153 பேர் இருந்தால் போதும், ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் அதிகாரப்பூர்வச் சங்கம் ஆகிவிடலாம். மீதி எழுநூறு பேரைச் சேர்க்கச் சங்கத்துக்குச் சட்டப்படி எந்தத் தேவையும் இல்லை.

தேவை சட்டத்திலிருந்து வராவிட்டாலும் வேறு இடத்திலிருந்து வரலாம். நெய்வேலியில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து, 2014-ல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், கான்ட்ராக்டர் மாறினாலும் ஆட்கள் மாறவில்லை. சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் பல வருடங்களாக அதே சுரங்கத்தில், ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக இருந்தார்கள். ஒரகடத்தில் வெளிமாவட்டத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து, வருடம் முடிவதற்குள் வேறு ஆலைக்குப் போய்விடும் பையன்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அங்கே தொடங்க வேண்டியவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள்தான்.

அப்படித் தொடங்கிய ஓர் ஒப்பந்தத்தை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். வருடத்துக்கு இத்தனை கான்ட்ராக்ட் தொழிலாளர்களை, சீனியாரிட்டிப்படி, நிரந்தரமாக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து. அதற்குப் பதிலாக நிரந்தரத் தொழிலாளர்கள் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பொதுக்குழுவில் பெரிய சண்டை. வீட்டுக் கடன் இருப்பவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருப்பவர்கள், நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். சங்கச் செயலாளர் நியாயம் தர்மம் எதுவும் பேசவில்லை. போன வேலைநிறுத்தத்தில் லைன் எத்தனை நாள் நின்றது, எத்தனை நாள் ஓடியது, யாரை வைத்து ஓடியது என்று தேதிவாரியாகப் படித்தார். கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஷரத்து நிறைவேறியது. அடுத்த ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலைச் சமீபத்தில் பார்த்தேன். ஊதிய உயர்வுக்கு அடுத்ததாக, இரண்டாவது கோரிக்கையாக அது இருக்கிறது, எண்ணிக்கையை இரட்டிப்பாக்கக் கேட்டிருக்கிறார்கள்.